பழைய மழைநீர்க் குழியைத் திறந்து பார்த்ததும், மனையின் முன்பக்கத்தில் 15 உறை போட்டுப் புதுக் கிணறு இறக்கியதும்: ஒரு ஆதம்பாக்கம் அடுக்ககத்தின் வேலைக் குறிப்பு

இரண்டு கிரவுண்டு மனை, தரைத்தளத்தில் கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி, மொத்தம் 10 வீடு. 210 அடி போர் ஒன்று, 20,000 லிட்டர் சம்ப் ஒன்று. பின்பக்க மூலையில் 2003-ல் கட்டிய மழைநீர்க் குழி. ஜூன் மாதம் வந்தால் போர் மோட்டார் 25 நிமிடம் ஓடும், பிறகு காற்றுதான் வரும். இரண்டு மணி நேரம் விட்டால் மறுபடி 25 நிமிடம். மீதித் தேவைக்கு லாரித் தண்ணீர். "மழைநீர் சேகரிப்பு இருக்கிறதே, அப்புறம் ஏன் இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் அந்தக் குழிக்குள்ளேதான் இருந்தது.

ஜூலை முதல் வாரத்தில் குழியின் மூடி சிலாப் தூக்கப்பட்டது. 3 அடி விட்டம், 5 அடி ஆழம். உள்ளே விளிம்பு வரை செங்கல் துண்டும் 40 மி.மீ. ஜல்லியும். மேலே ஒரு சாண் உயரத்துக்கு மக்கிய இலை, பால் கவர், மாடியில் இருந்து வந்த சுண்ணாம்புத் தூள். ஜல்லியை அள்ளி எடுத்தபோது ஒவ்வொரு கல்லின் மீதும் சாம்பல் நிறத்தில் வழவழப்பான சேறு ஒட்டியிருந்தது. அடியில் அந்தச் சேறு நான்கு விரல் கனத்துக்குப் படிந்து, காய்ந்த தோசை மாதிரி விரிந்து கிடந்தது. அதைச் சுரண்டினால் கீழே களிமண்.

இங்கே ஒரு கணக்கைச் செய்துகொள்வது நல்லது, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 3 அடி விட்டமுள்ள சிமென்ட் வளையத்தில், அதாவது உறையில், ஒரு அடி உயரத்துக்கு 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். 5 அடிக்கு 1,000 லிட்டர். அதற்குள் ஜல்லியைக் கொட்டினால் கல்லுக்கு இடையில் இருக்கும் வெற்றிடம் மட்டும்தான் மிச்சம். அது சுமார் 40 சதவீதம், அதாவது 400 லிட்டர். மாடியின் பரப்பு 2,700 சதுர அடி, கிட்டத்தட்ட 250 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஒரு மணி நேரத்தில் 25 மி.மீ. பெய்வது அபூர்வமில்லை. அப்படிப் பெய்தால், ஓட்டில் ஊறியதும் தெறித்ததும் போக 5,600 லிட்டர் இறங்கும். நிமிடத்துக்கு 94 லிட்டர். ஆக, 400 லிட்டர் குழி நான்கே நிமிடத்தில் நிறைந்து தெருவுக்கு வழியும். புதிதாகக் கட்டிய அன்றே அது நான்கு நிமிடக் குழிதான்.

அடுத்தது, நிறைந்த தண்ணீர் எவ்வளவு வேகத்தில் மண்ணுக்குள் போகிறது என்பது. ஜல்லியையும் சேற்றையும் முழுக்க எடுத்த பிறகு, குழியில் 4 அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. மறுநாள் காலையில் கோட்டுக்குக் கீழே ஒரு சாண்தான். சேறு அடைத்தது பாதிக் காரணம். மீதிப் பாதி, குழி களிமண்ணுக்குள்ளேயே முடிந்துவிட்டது. சேற்றை மட்டும் வாரிவிட்டு "சுத்தம் செய்தாயிற்று" என்று மூடியிருந்தால் அடுத்த மழைக்கும் இதே கதைதான். எந்தக் குழியையும் சரிசெய்யும் முன் இந்தச் சாக்பீஸ் சோதனையைச் செய்துவிட வேண்டும். செலவு இல்லை, ஒரு நாள் போதும்.

மண் இடத்துக்கு இடம் வேறு. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். அங்கே 5 அடிக் குழியே தண்ணீரைக் குடித்துவிடும். அண்ணா நகர்ப் பக்கம் களி. ஆதம்பாக்கம், கிண்டி, வேளச்சேரி வட்டாரத்தில் மேலே களியோ செம்மண்ணோ, அதற்குக் கீழே மக்கிய பாறை, அதற்கும் கீழே கருங்கல். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் தெரியும் அதே சார்னோக்கைட் கல்தான் இது. மக்கிய பாறை என்பது கையால் நொறுக்கினால் பொடியாகும், தண்ணீரை உள்ளே விடும். அதுவரை எட்டாத குழி இந்த வட்டாரத்தில் பயன்படாது.

ஆழத்தைத் தெரிந்துகொள்ள கைபோர் ஆட்களை வைத்து முதலில் ஒரு சோதனைத் துளை போடப்பட்டது. 3 அடி வரை கட்டட இடிபாடும் நிரப்பு மண்ணும். 3 முதல் 19 அடி வரை பழுப்புக் களி, நடுவில் சுண்ணாம்புக் கட்டிகள். 19 அடிக்குக் கீழே துளைக்கருவியின் சத்தம் மாறியது, வெளியே வந்த மண் சொரசொரப்பாக, மைக்காப் பளபளப்போடு இருந்தது. அதுதான் மக்கிய பாறை. 32 அடியில் கருவி மேலும் இறங்க மறுத்தது. ஒவ்வொரு இரண்டு அடிக்கும் எடுத்த மண்ணை ஒரு கைப்பிடி அளவு வரிசையாகத் தரையில் வைத்தால், எந்த ஆழத்தில் எது என்பதைக் குடியிருப்பவர்கள் எல்லோருமே கண்ணால் பார்க்கலாம். சங்கக் கூட்டத்தில் பணம் ஒதுக்க இது பத்துப் பக்க அறிக்கையைவிட உதவும்.

அடுத்து, புது உறைகிணற்றுக்கு இடம் தேர்வு. அஸ்திவாரத்தில் இருந்து 5 அடிக்கு மேல் தள்ளி, கழிவுநீர்ச் சேம்பரில் இருந்து 10 அடிக்கு மேல் தள்ளி. இரண்டு கிரவுண்டு மனையில் இதற்குப் பொருந்தும் இடம் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். இங்கே முன்பக்கக் காம்பவுண்டு ஓரம் கிடைத்தது. பழைய குழி பின்பக்கக் கழிவுநீர்ச் சேம்பரில் இருந்து நான்கடி தூரத்தில் இருந்ததால், அதைக் கைவிட்டு மண் போட்டு மூடியாயிற்று. பழைய குழியைத் திறக்கும்போது சாக்கடை வாடை வந்தால், ஏதோ ஒரு கழிவுநீர்க் குழாய் உள்ளே கசிகிறது என்று பொருள். அப்போது ஆளை உள்ளே இறக்கவே கூடாது. விஷவாயு ஆளைக் கொல்லும், மனிதரை இறக்குவது சட்டப்படி குற்றமும்கூட.

ஆகஸ்டில் உறை இறக்கும் வேலை. 3 அடி விட்டம், ஒரு அடி உயரமுள்ள சிமென்ட் உறை 15. களிமண் என்பதால் 4 அடி விட்டத்துக்குத் தோண்டிக்கொண்டே போய், ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மணலாக இருந்தால் இப்படிச் செய்யக் கூடாது, பக்கம் சரியும். உறையை முதலில் வைத்து, அதன் உள்ளே இருந்து மண்ணை எடுத்து, உறை தன் எடையிலேயே இறங்கும்படி விட வேண்டும். மூன்றாவது உறையில் இருந்து கீழே உள்ளதெல்லாம் ஓட்டை உறை, மூட்டுக்குச் சிமென்ட் கிடையாது. வெளிப்பக்கம் உறைக்கும் மண்ணுக்கும் இடையில் அரை அடி அகலத்துக்கு 20 மி.மீ. ஜல்லி. மேல் இரண்டு உறை மட்டும் ஓட்டை இல்லாதது, மூட்டுகளைச் சிமென்ட் பூசி அடைத்தாயிற்று. தரையில் ஓடும் அழுக்குத் தண்ணீர் பக்கவாட்டில் நுழையாமல் இருக்க இது அவசியம்; பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

கிணற்றுக்குள் ஜல்லி போடவில்லை. இதில் பிளம்பர்களோடு ஒரு வாக்குவாதம் வந்தே தீரும், ஏனென்றால் 2003-ல் இருந்து எல்லோரும் ஜல்லி போட்டுத்தான் பழகியிருக்கிறார்கள். ஜல்லி வடிகட்டுவதில்லை, கொள்ளளவில் பாதிக்கு மேல் தின்றுவிடும், சேற்றைத் தன் மேல் பிடித்துவைத்துக்கொள்ளும், சுத்தம் செய்யவும் முடியாது. வெறும் கிணறாக விட்டால், அடியில் படிந்த சேற்றை வருடம் ஒருமுறை வாளி கட்டி வாரலாம். வடிகட்ட வேண்டியதைக் கிணற்றுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் வடிகட்ட வேண்டும்.

15 உறையும் இறங்கிய பின், மறுபடி சாக்பீஸ் சோதனை. ஒரு மணி நேரத்தில் 3 அங்குலம்: 50 லிட்டர். இதுதான் எதிர்பார்த்ததும், ஏனென்றால் கிணற்றின் அடி 15 அடியில், இன்னும் களிக்குள்ளேயே நின்றது. இந்த இடத்தில் வேலையை முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. கிணறு ஆழமாக, அழகாக இருக்கும், தண்ணீர் உள்ளே நிற்கும், யாரும் கேட்கமாட்டார்கள்.

கிணற்றின் அடியில் இருந்து 6 அங்குலக் கைபோர், தரைமட்டத்தில் இருந்து கணக்கிட்டால் 32 அடி வரை. அதற்குள் 4 அங்குல பி.வி.சி. குழாய். 19 அடிக்குக் கீழே வரும் பகுதிக்கு மட்டும் ஸ்லாட் வெட்டி, நைலான் வலை சுற்றி, குழாய்க்கும் துளைக்கும் இடையில் பட்டாணி அளவு கூழாங்கல். மேல்முனை கிணற்றின் அடியில் இருந்து 3 அடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில் எண்ட் கேப், அதற்குக் கீழே ஒரு அடி நீளத்துக்குச் சிறு ஓட்டைகள், அதற்கும் வலை. அதாவது அடியில் இருந்து 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேங்கிய பிறகுதான் குழாய்க்குள் போகும். அந்த 2 அடியில் மண் படியும். குழாயை அடியோடு அடியாக வெட்டிவிட்டால் முதல் மழையிலேயே சேறு முழுவதும் குழாய்க்குள் போய், கீழே உள்ள பாறையின் இடுக்குகளை அடைத்துவிடும். அதன் பிறகு அதைத் திறக்க வழியில்லை, வேறு துளைதான் போட வேண்டும்.

குழாய் போட்ட பின், 13 அடிக்குத் தண்ணீர் விட்டு மூன்றாவது சோதனை. முதல் ஒரு மணி நேரத்தில் 4 அடி இறங்கியது: 800 லிட்டர். களியில் நின்றபோது கிடைத்ததைவிடப் பதினாறு மடங்கு. மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும், தள்ளும் அழுத்தம் குறைவதால். கடைசி 2 அடித் தண்ணீர் களி வழியாக மெதுவாகத்தான் போகும், நாள்கணக்கில் நிற்கும். அதனால் கொசு. மூடியின் சந்துகளைச் சிமென்ட் பால் வைத்து அடைத்து, வழிவுக் குழாயின் வாயில் வலை கட்டியாயிற்று.

இப்போது கொள்ளளவு. மழைக்குழாய் தரைக்கு 2 அடி கீழே கிணற்றில் சேர்கிறது. அடியில் 2 அடி தேக்கம் ஏற்கெனவே நிற்கும். நடுவில் இருக்கும் 11 அடி, அதாவது 2,200 லிட்டர்தான் புது மழைக்கு இடம். ஒரு மணி நேரத்தில் இறங்கும் 800-ஐச் சேர்த்தால் 3,000. மாடியில் இருந்து வருவதோ 5,600. முழு மாடியையும் இதில் விட முடியாது. இன்னொரு கிணறு போடலாம்; ஆனால் அதைவிட நல்ல இடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. சம்ப்.

மாடியில் இருந்து நான்கு இறக்குக் குழாய்கள். இரண்டைச் சம்ப்புக்கும் இரண்டைக் கிணற்றுக்கும் பிரித்தாயிற்று. பாதி மாடிக்கு மணிக்கு 2,800 லிட்டர்; கிணறு தாங்கும் 3,000-க்குள் அடங்குகிறது. சம்ப் நிறைந்தால் அதன் வழிவும் கிணற்றுக்கே. கிணறும் நிறைந்தால் தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒரு வழிவுக் குழாய். அதைக் கழிவுநீர் இணைப்பில் கொண்டுபோய்ச் செருகவே கூடாது: பெருமழையில் தெருவின் கழிவுநீர் மட்டம் ஏறும்போது, அதே குழாய் வழியாகச் சாக்கடை கிணற்றுக்குள் திரும்பி வரும்.

முதலில் சம்ப், பிறகு நிலம் என்ற வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. இந்த மாடியில் இருந்து வருடத்துக்குக் கிடைப்பது சுமார் 3 லட்சம் லிட்டர். 10 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் கட்டடத்தின் தேவை நாளைக்கு 5,400 லிட்டர். வருடத்துக்கு 20 லட்சம். மாடித் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் நிலத்துக்குள் போனாலும், உறிஞ்சுவதில் ஆறில் ஒரு பங்கைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. தனி வீட்டுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு மாடி. அடுக்ககத்தில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு மாடி. போர் ஓடுவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து மனையிலும் தெருவிலும் ஊறும் மழையால்தான். ஆனால் சம்ப்புக்குள் போகும் ஒவ்வொரு 12,000 லிட்டரும் ஒரு லாரி குறைவு. அதற்குப் பாறையும் வேண்டாம், பாறையில் வெடிப்பும் வேண்டாம்.

சம்ப்புக்குப் போகும் தண்ணீருக்கு மணல் வடிகட்டி வேண்டும், அதில் எல்லோரும் செய்யும் தவறு அளவில். 200 லிட்டர் நீல டிரம்மில் ஜல்லியும் மணலும் அடுக்கி விற்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். மணலின் பரப்பு ஒரு சதுர மீட்டராக இருந்தால் மணிக்கு 5,000 லிட்டர் விடுவது நிதானமான வேகம். பாதி மாடியின் 2,800 லிட்டருக்கு அரைச் சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். டிரம்மின் வாய் அதில் பாதிதான். நல்ல மழையில் பாதித் தண்ணீர் டிரம்மின் மேல் வழிந்துபோகும். அதற்குப் பதில் 2 அடிக்கு 3 அடி செங்கல் தொட்டி, மூன்றரை அடி ஆழம். அடியில் ஒரு சாண் 40 மி.மீ. ஜல்லி, அதன் மேல் ஒரு சாண் 12 மி.மீ. ஜல்லி, அதன் மேல் நைலான் கொசுவலை, வலையின் மேல் ஒரு அடி கழுவிய கரடுமுரடான ஆற்றுமணல். பூச்சுக்குச் சலிக்கும் மென்மணல் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். வலை இல்லாவிட்டால் ஒரே பருவத்தில் மணல் ஜல்லிக்குள் இறங்கிச் சம்ப்புக்குப் போய்விடும். மணலுக்கு மேல் ஒரு அடி வெற்றிடம் இருக்க வேண்டும், தண்ணீர் நின்று இறங்க.

முதல் மழை அழுக்கு. எட்டு மாதப் புழுதி, புறா எச்சம், கிளிப்பு போட்ட துணிகளின் நூல், எல்லாம் முதல் 2 மி.மீ. மழையில் கழுவிக்கொண்டு வரும். முழு மாடிக்கு 500 லிட்டர். தானாக ஒதுக்கும் குழாய்களை விற்கிறார்கள், ஆனால் 6 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 18 லிட்டர்தான் கொள்ளும். சம்ப் பக்கத்துப் பாதி மாடிக்கே 14 மீட்டர் குழாய் வேண்டும். இங்கே செய்தது எளிது: வடிகட்டிக்கு முந்தைய சேம்பரில் இரண்டு 4 அங்குல வாய், ஒன்று வடிகட்டிக்கு, இன்னொன்று முன்வாசலில் உள்ள தனிக் குழிக்கு. ஒட்டாத எண்ட் கேப் ஒன்றே ஒன்று. மழையில்லாத மாதங்களில் கேப் வடிகட்டியின் வாயில். முதல் நல்ல மழை பெய்து மாடி கழுவப்பட்ட பிறகு, காவலாளி கேப்பை மற்ற வாய்க்கு மாற்றிவிடுவார். ஒரே ஒரு கேப்தான் இருப்பதால் இரண்டு வாயும் அடைபட வழியில்லை. சம்ப்பில் சேரும் இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, கழுவ. குடிக்கக் கூடாது, குடிநீர் வாரியத் தண்ணீர் அதே சம்ப்பில் விழுந்தால், இடையில் சுவர் எழுப்பியோ தனித் தொட்டி வைத்தோ பிரித்தே ஆக வேண்டும்.

முன்வாசல் குழி பற்றி ஒரு வார்த்தை. மாடித் தண்ணீரும் தரைத் தண்ணீரும் ஒன்றல்ல. கார் கழுவிய எண்ணெய், சோப்பு, நாய்ப் பீ, நிரம்பி வழிந்த சேம்பர் எல்லாம் தரைத் தண்ணீரில் இருக்கும். அதனால் கேட்டுக்குக் குறுக்கே ஒன்றரை அடி அகல, 2 அடி ஆழப் பள்ளம், மேலே கம்பிச் சட்டம், அங்கிருந்து ஒரு வண்டல் தொட்டி வழியாக 8 அடிக் குழி. அதில் கைபோர்க் குழாய் கிடையாது. அழுக்குத் தண்ணீருக்குப் பாறை வரை நேர்வழி போட்டுக் கொடுக்கக் கூடாது. மண்ணில் ஊறி, வடிந்து போவதே சரி. களியில் மெதுவாகத்தான் போகும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதே காரணத்தால்தான், ஓடிக்கொண்டிருக்கும் போருக்குள் மழைக்குழாயை நேரே விடச் சொல்லி யாராவது வந்தால் மறுக்க வேண்டும். ஒரு தடவை வடிகட்டி பழுதானால் போதும், சேறு வெடிப்புகளை அடைத்துவிடும், கிருமிகள் நேரே குடியேறும்.

போர் என்ன ஆயிற்று? இதற்கு அளவு எடுக்கும் முறையைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில், இரவு முழுக்க மோட்டார் ஓடாத நேரத்தில், கேசிங் மூடியில் உள்ள ஓட்டை வழியாக ஒரு நைலான் கயிற்றில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி இறக்கினால், தண்ணீரைத் தொடும்போது 'டப்' என்று கேட்கும். கயிற்றைப் பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து அளக்கலாம். மோட்டார் கேபிளில் சிக்காமல் மெதுவாக இறக்க வேண்டும். அதே நாளில் பக்கத்து மனையின் போரையும் அளப்பது முக்கியம். ஜூலையில் இங்கே 96 அடி, பக்கத்தில் 99. ஜனவரியில் இங்கே 58, பக்கத்தில் 64. பக்கத்து மனையில் எந்த வேலையும் செய்யவில்லை. இங்கே ஏறிய 38 அடியில் 35 அடி பருவமழை எல்லோருக்கும் கொடுத்தது. மீதி 3 அடி கயிற்றை அளப்பதில் வரும் பிழைக்குள் அடங்கிவிடும். கிணறு இறக்கியதால் போர் 38 அடி ஏறியது என்று எழுதினால் பொய்.

ஏன் உடனே தெரியவில்லை என்பதற்குக் கட்டுமானத்திலேயே விடை இருக்கிறது. இந்தப் போரில் 48 அடி வரை கேசிங். ஓட்டையில்லாத குழாய். உறைகிணறு தண்ணீர் விடுவதோ 19 முதல் 32 அடி வரை உள்ள மக்கிய பாறையில். அந்தத் தண்ணீர் கேசிங்குக்கு வெளியே நிற்கும். கீழே கருங்கல்லின் வெடிப்பு ஒன்று மேலே வந்து சேர்ந்தால்தான் அது போருக்குள் கசியும். சேரவில்லையென்றால் அந்தத் தண்ணீர் வேறு யாருடைய திறந்த கிணற்றுக்கோ போகும். வீணில்லை, ஆனால் நம் மோட்டாருக்கு வராது. மனையில் பழைய திறந்த கிணறு இருந்தால் அதை ஒருபோதும் மூடக் கூடாது. மேல்மட்டத் தண்ணீரை எடுக்க உதவும் கருவி அதுதான், வடிகட்டிய மாடித் தண்ணீரை விடவும் அதைவிட நல்ல இடம் இல்லை. இந்தக் கட்டடத்தில் அது கட்டும்போதே மூடப்பட்டுவிட்டது. மழை முடிந்தபின் புது உறைகிணற்றில் தண்ணீர் 9 அடியில் நிலைத்து நின்றால், சின்ன மோட்டார் வைத்து அதையே எடுக்கலாமா என்று வரும் வருடம் பார்க்க வேண்டும்.

போரை இன்னும் ஆழப்படுத்துவோம் என்ற யோசனை ஒவ்வொரு கோடையிலும் வரும். கருங்கல்லில் தண்ணீர் இருப்பது வெடிப்பில் மட்டும். ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் எடையில் வெடிப்புகள் இறுகி, குறைந்துகொண்டே போகும். 210 அடியை 400 ஆக்கினால் இரட்டிப்புத் தண்ணீர் வராது. பல நேரம் பழைய வெடிப்பின் தண்ணீரே ஆழத்தில் விழுந்து தேங்கும், அவ்வளவுதான். திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் ஆழம் இன்னும் ஆபத்து: மேலே மிதக்கும் நல்ல தண்ணீருக்குக் கீழே உப்புத் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரை இறக்கினால் அதுதான் ஏறி வரும். மாதம் ஒருமுறை உப்பின் அளவை டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து எழுதிவைத்தால், சுவையில் தெரியும் முன்பே ஏறுமுகம் தெரிந்துவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நான்கைத் தெரிந்துவைத்தால் போதும். 2003-ல் வந்த அவசரச் சட்டம் தமிழ்நாட்டில் பழைய கட்டடம், புதுக் கட்டடம் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவைச் சொத்துவரிபோல் வசூலிக்கவும் இடம் வைத்தது. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி புதுக் கட்டட வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும். சென்னையில் புதுப் போர் போட, 1987-ன் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். போர் வண்டிக்காரர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் துளை போட விட வேண்டும். கைவிட்ட போரைத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் சாக்கு கட்டி விடுவது குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. இந்த விதிகளில் ஒரு ஓட்டை இருக்கிறது: குழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், குடிக்கிறதா என்று பார்ப்பதில்லை. கட்டி முடித்த சான்றுக்கு முன் ஒரு மணி நேரச் சாக்பீஸ் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தால், நான்கு நிமிடக் குழிகள் இத்தனை இருந்திருக்காது.

பராமரிப்பில் முக்கியமானது தேதி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். செப்டம்பர் கடைசிக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மாடியைப் பெருக்குவது, இறக்குக் குழாய் வாயின் ஜாலியைக் கழற்றிக் கழுவுவது, வடிகட்டியின் மேல் இரண்டு அங்குல மணலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போடுவது. கிணற்று மூடியைத் திறந்து அரை நாள் விட்டு, மேலே இருந்தே வாளியால் சேற்றை வாரலாம். உள்ளே இறங்க வேண்டிய தேவை இல்லை. பருவத்தின் நடுவில் ஒருமுறை மணல் தொட்டியில் தண்ணீர் நிற்பதைப் பார்க்க வேண்டும்: மழை விட்டு அரை மணிக்குப் பிறகும் நின்றால் மணல் அடைத்துக்கொண்டது.

நவம்பர் கடைசியில் கிணற்றில் எடுத்த சோதனையில் மணிக்கு ஒன்றரை அடிதான் இறங்கியது, ஆகஸ்டில் 4 அடி இறங்கிய அதே கிணற்றில். அடைப்பு இல்லை, மக்கிய பாறை தண்ணீரால் நிறைந்துவிட்டது, போக இடமில்லை. அடைப்பா நிறைவா என்பதைத் தெரிந்துகொள்ள, அடுத்த ஆகஸ்டில் காய்ந்த மண்ணில் அதே 13 அடிக்குத் தண்ணீர் விட்டு மறுபடி அளக்க வேண்டும். 4 அடி வந்தால் சரி. 2 அடிக்குக் கீழே வந்தால் குழாயின் வலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு அளவும் தேதியோடு மோட்டார் அறைச் சுவரில் எழுதியிருக்கிறது.